யூத சமயத்தில் இறைவாக்கினரும் அவர்களின் சமூக விமர்சனமும்: தேர்வுக் கட்டுரைக்கான கேள்வி பதில்

'யூத சமயத்தில் இறைவாக்கினரின் பங்கையும் அவர்களின் சமூக விமர்சனத்தையும் ஆராய்க' என்பதுதான் வினா. இறைவாக்கினர் என்றால் எசாயா, எரேமியா, எசேக்கியேல், சிறு இறைவாக்கினர் பன்னிருவர் என்று பட்டியல் நீள்கிறது. ஒரே கட்டுரையில் எல்லாரையும் கொண்டுவர வேண்டுமா?

வேண்டாம். ஒருவரை ஆழமாக எடுத்து, வேறு இருவரைத் துணைக்கு வைத்தால் போதும். அந்த ஒருவராக ஆமோஸைப் பரிந்துரைக்கிறோம். அவருடைய நூலில் ஒன்பதே அதிகாரங்கள், ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். சமூக விமர்சனம் நூலின் ஓரத்தில் இல்லாமல் நடுவிலேயே இருக்கிறது. அரச கோவிலின் குரு அவரை ஊரைவிட்டு வெளியேறச் சொல்லும் காட்சியும் உண்டு. அதனால் 'பங்கு', 'சமூக விமர்சனம்' என்ற வினாவின் இரு பகுதிகளுக்கும் சான்று ஒரே நூலில் கிடைத்துவிடுகிறது.

துணைக்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தையும் (1 அரசர்கள் 21), எசாயாவின் முதல் அதிகாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெயரைச் சொல்லி ஆளுக்கு ஒரு வரி எழுதும் கட்டுரை அகராதி மாதிரி ஆகிவிடும். அதில் வாதம் எதுவும் நிற்காது.

'தீர்க்கதரிசி' என்று எழுதலாமா, 'இறைவாக்கினர்' என்றுதான் எழுத வேண்டுமா?

இரண்டும் தமிழில் வழக்கில் உள்ளவைதான், திருத்துபவர் இதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார். ஆனால் 'தீர்க்கதரிசி' என்ற சொல்லுக்குத் தொலைவில் உள்ளதைக் காண்பவர் என்று பொருள். அந்தச் சொல்லோடு தொடங்குபவர்கள் தங்களை அறியாமலே, பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னவர்கள் என்ற திசையில் போய்விடுகிறார்கள். கட்டுரையின் பாதி அதிலேயே கரைந்துவிடும்.

எபிரேயச் சொல் 'நாவி'. அரபியிலிருந்து தமிழுக்கு வந்த 'நபி'யும் அதன் உறவுச் சொல்தான். இன்னொருவரின் பேச்சை எடுத்துப் பேசுபவர் என்பதே இந்தப் பதவியின் மையம். விடுதலைப் பயணம் 7:1இல், மோசேக்குப் பதிலாகப் பார்வோனிடம் பேசவேண்டிய ஆரோன், மோசேயின் 'நாவி' என்று அழைக்கப்படுகிறார். முதல் பத்தியில் இந்த ஒரு வசனத்தைக் காட்டினாலே வரையறை முடிந்துவிடும். எதிர்காலத்தைப் பற்றி அவர்கள் பேசுவதும் எச்சரிக்கையாகத்தான்: இப்படியே போனால் இது நடக்கும், திருந்தினால் நடக்காமலும் போகலாம்.

இன்னொரு சிறு விஷயம். யூத சமயத்தைப் பற்றி எழுதும்போது 'பழைய ஏற்பாடு' என்று எழுதாதீர்கள், அது கிறிஸ்தவப் பெயர். யூதர்கள் சொல்வது 'தனாக்'. தோரா என்னும் சட்ட நூல்கள், நெவீம், கெத்துவீம் என்ற மூன்று பகுதிகளின் முதலெழுத்துகள் சேர்ந்து வந்த பெயர் அது. நடுப்பகுதியான நெவீமில்தான் இறைவாக்கினர் நூல்கள் உள்ளன. தானியேல் அதில் இல்லை, மூன்றாம் பகுதியில் இருக்கிறார். எனவே யூத இறைவாக்கினருக்கு அவரை எடுத்துக்காட்டாகத் தருவது பிழை.

முழுக் கட்டுரையையும் தாங்கும் வாதம் ஒரு வரியில் எப்படி இருக்க வேண்டும்?

இப்படி வைத்துக்கொள்ளலாம்: இறைவாக்கினர் புதிய அறநெறி எதையும் கொண்டுவரவில்லை, கடவுளுக்கும் இஸ்ரயேலுக்கும் ஏற்கெனவே இருந்த உடன்படிக்கையைக் கையில் எடுத்து, அதை மீறியவர்கள்மேல் வழக்குத் தொடுத்தார்கள்.

'வழக்கு' என்பது வெறும் உவமையும் அல்ல. மீக்கா 6ஆம் அதிகாரத்தில் எபிரேய 'ரீவ்' என்ற வழக்காடும் சொல்லே வருகிறது. மலைகள் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றன, கடவுள் வாதியாக நின்று பேசுகிறார். இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டால் வினாவின் இரண்டு பாகங்களும் தனித்தனியாகக் கிடக்காது. உடன்படிக்கையின் வழக்கறிஞர் என்பது அவர்களுடைய பங்கு. சமூக விமர்சனம் அவர்கள் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை.

'பங்கு' என்று பாதிக் கட்டுரை, 'விமர்சனம்' என்று மீதிப் பாதி என எழுதுபவர்கள் நடுவே ஒட்டுப்போட முடியாமல் திணறுவதைப் பார்க்கலாம். அதற்குக் காரணம் இந்த ஒரு வரி இல்லாததுதான்.

ஆமோஸின் காலப் பின்னணியை எவ்வளவு எழுதுவது?

நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது: வடக்கே இஸ்ரயேல், தெற்கே யூதா. ஆமோஸ் தெற்கில் தெக்கோவா ஊர்க்காரர். ஆடுமாடு வைத்திருந்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் எரொபவாம் ஆண்ட காலத்தில், வடக்கே போய்ப் பேசினார். அது வடநாட்டுக்கு வளமான காலம். அந்த வளம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அவருடைய கேள்வி.

இடமிருந்தால் ஒரு தொல்லியல் சான்றைச் சேர்க்கலாம். தலைநகர் சமாரியாவில் 1910இல் நடந்த அகழாய்வில் எழுத்துள்ள பானையோடுகள் நூறளவில் கிடைத்தன. பல ஊர்களிலிருந்து வந்த 'பழைய திராட்சை மது', 'தூய்மையாக்கிய எண்ணெய்' பற்றிய குறிப்புகள் அவை. பின்னர் அதே இடத்தில் தந்தச் செதுக்கு வேலைப்பாடுகளும் கிடைத்தன. தந்தக் கட்டிலில் சாய்ந்து, கிண்ணம் கிண்ணமாய் மது குடித்து, உயர்ந்த எண்ணெய் பூசிக்கொள்பவர்கள் என்று ஆமோஸ் 6:4–6இல் திட்டுவதோடு இவை பொருந்துகின்றன. ஆனால் ஓடுகள் வரிக் கணக்கா, பெருநிலக்காரர்களின் பண்டவரவா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 'இவை ஆமோஸை நிரூபிக்கின்றன' என்று எழுதாமல் 'அவர் வருணிக்கும் வாழ்க்கைமுறைக்கு இசைகின்றன' என்று எழுதுங்கள்.

ஆமோஸ் 2:6–8ஐ மேற்கோள் காட்டினால் மட்டும் போதாது, பகுப்பாய்வு வேண்டும் என்கிறார்கள். எப்படிச் செய்வது?

கட்டுரையின் இதயம் இந்த மூன்று வசனங்கள்தான். ஐந்து நிமிடம் கூடுதலாக இங்கே செலவழிக்கலாம்.

முதலில் அந்தப் பகுதி எங்கே வருகிறது என்று பாருங்கள். ஆமோஸ் தமஸ்கு, காசா, தீர், ஏதோம், அம்மோன், மோவாப் என்று அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகக் கண்டிக்கிறார். ஏழாவதாகத் தம் சொந்த யூதாவையும் விடவில்லை. ஏழு முடிந்ததும் பேச்சு நிறைந்தது என்று வடநாட்டுக்காரர்கள் தலையசைத்திருப்பார்கள். அப்போதுதான் எட்டாவதாக இஸ்ரயேல் வருகிறது. அண்டை நாடுகள்மேல் சாட்டியவை பெரும்பாலும் போர்க்கொடுமைகள்: கர்ப்பிணிகளைக் கிழித்தது, ஊர் முழுவதையும் அடிமைகளாக விற்றது. இஸ்ரயேல்மேல் சாட்டுவதோ கடன், அடமானம், அபராதம் போன்ற அன்றாட நடப்பு. இந்த இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பதே அவருடைய வாதம்.

அடுத்து, ஒரே ஒரு குற்றச்சாட்டை எடுத்துப் பிரியுங்கள். 2:8இல், அடகாக வாங்கிய மேலாடைகளை விரித்து ஒவ்வொரு பீடத்தருகிலும் படுக்கிறார்கள் என்று வருகிறது. இதன் கனம் தெரிய சட்டத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். விடுதலைப் பயணம் 22:26–27 சொல்வது இது: ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிடு, இரவில் அவன் போர்த்திக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. (யூதப் பதிப்புகளில் இந்த வசனங்களின் எண் ஒன்று குறைந்து வரும்.) இணைச்சட்டம் 24:12–13ம் இதையே வலியுறுத்துகிறது.

அடகு வாங்குவது சட்டப்படி குற்றமில்லை என்பதைக் கவனியுங்கள். குற்றம் அதை இரவிலும் வைத்திருப்பது. கடன்பட்டவன் குளிரில் கிடக்க, கடன் கொடுத்தவன் அவன் துணிமேல் படுத்திருக்கிறான், அதுவும் கடவுளின் பீடத்தருகில். சட்டமீறல், இரக்கமின்மை, போலிப் பக்தி மூன்றும் ஒரே துணியில் வந்து சேர்கின்றன. இதை நான்கு வாக்கியத்தில் எழுதிவிட்டால், வழக்கறிஞர் என்ற உங்கள் வாதத்துக்குச் சான்று வந்துவிட்டது.

இது நடைமுறையில் இருந்த பிரச்சினைதான் என்று காட்ட ஒரு சான்று உண்டு. இன்றைய இஸ்ரயேலின் கடற்கரையில் மெசாத் ஹஷவ்யாஹூ என்ற சிறு கோட்டையில் 1960இல் ஒரு பானையோடு கிடைத்தது. அதில் ஓர் அறுவடைக் கூலியாள், தன் வேலையை முடித்த பிறகும் மேற்பார்வையாளர் தன் மேலாடையைப் பறித்துக்கொண்டார், உடன் வேலை செய்தவர்கள் சாட்சி சொல்வார்கள், அதைத் திருப்பித் தரச் செய்யுங்கள் என்று அதிகாரியிடம் முறையிடுகிறார். இது கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஆமோஸுக்கு நூறாண்டுக்கு மேல் பிந்தியது. அதைச் சொல்லியே பயன்படுத்துங்கள்.

2:6இல் ஏழையை ஒரு சோடிச் செருப்புக்காக விற்பது என்ற வரிக்கு இரண்டு வாசிப்புகள் உண்டு. அற்பக் கடனுக்காக ஆளையே அடிமையாக்கினார்கள் என்பது ஒன்று. ரூத்து 4:7இல் செருப்பைக் கழற்றிக் கொடுப்பது உரிமை மாற்றத்தின் அடையாளமாக வருவதால், இங்கும் நிலப் பறிப்பு குறிக்கப்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்லி, ஒன்றைத் தேர்ந்து காரணம் காட்டுங்கள். மதிப்பீட்டுக்கான மதிப்பெண் இத்தகைய இடங்களில்தான் கிடைக்கும்.

கள்ளத் தராசு பற்றிய ஆமோஸ் 8:5இல் 'எப்பாவைச் சிறிதாக்கி, செக்கேலைப் பெரிதாக்கி' என்று வருகிறது. செக்கேல் பெரிதானால் விற்பவனுக்கு எப்படி லாபம்?

செக்கேலை நாணயம் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. அந்தக் காலத்தில் அங்கே நாணயம் இல்லை. வெள்ளித் துண்டுகளைத் தராசில் நிறுத்துத்தான் விலை கொடுப்பார்கள். செக்கேல் என்பது சுமார் 11 கிராம் எடைக்கல். எப்பா என்பது தானியம் அளக்கும் முகத்தல் அளவு, சுமார் 22 லிட்டர் என்பது பரவலான மதிப்பீடு. விற்பவனிடம்தான் இரண்டும் இருக்கின்றன.

ஒரு கணக்காகப் பார்க்கலாம். 22 லிட்டர் தானியத்துக்கு 11 கிராம் வெள்ளி என்று பேச்சு. வியாபாரி 20 லிட்டர் மட்டுமே கொள்ளும் மரக்காலால் அளக்கிறான், 12 கிராம் கல்லை வைத்து வெள்ளியை நிறுக்கிறான். இரண்டும் சிறிய மாற்றம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாங்குபவர் லிட்டருக்கு அரை கிராம் தர வேண்டிய இடத்தில் 0.6 கிராம் தருகிறார், ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதோடு கோதுமையில் பதரையும் கலந்து விற்கிறார்கள் என்கிறது அடுத்த வசனம். இந்த எண்களை விடைத்தாளில் எழுத வேண்டாம், அவை உங்கள் புரிதலுக்காக மட்டும். 'அளக்கும்போது குறைத்து, வாங்கும்போது கூட்டி, இரண்டு பக்கமும் ஏய்த்தார்கள்' என்ற ஒரு வாக்கியமும், நேர்மையான எப்பாவைக் கேட்கும் லேவியர் 19:36ம் போதும்.

அதே வியாபாரிகள் அமாவாசையும் ஓய்வுநாளும் எப்போது முடியும், கடை திறக்கலாம் என்று காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓய்வுநாளை அவர்கள் மீறவில்லை, முறையாகக் கடைப்பிடிக்கிறார்கள். அடுத்த கேள்விக்கு இதுதான் பாலம்.

அப்படியானால் இறைவாக்கினர் பலிகளையும் சடங்குகளையும் எதிர்த்தவர்கள் என்று எழுதலாமா?

எழுதினால் பாதி உண்மையோடு நின்றுவிடும். ஆமோஸ் 5:21–24இல் கடவுள் உங்கள் திருவிழாக்களை வெறுக்கிறேன், பாட்டை நிறுத்துங்கள், நீதி வெள்ளமாய் ஓடட்டும் என்று சொல்வது உண்மைதான். எசாயா 1:11–17ம் அதே தொனி. ஆனால் எசாயா அங்கே பலிகளோடு நிறுத்தவில்லை. 1:15இல் நீங்கள் எவ்வளவு மன்றாடினாலும் கேட்க மாட்டேன், உங்கள் கைகளில் இரத்தம் படிந்திருக்கிறது என்கிறார். அவர் பலியை ஒழிக்கச் சொன்னார் என்றால், செபத்தையும் ஒழிக்கச் சொன்னார் என்றாகிவிடும். யாரும் அப்படி வாசிப்பதில்லை. எனவே மறுக்கப்படுவது சடங்கு அல்ல, அநீதி செய்த கையோடு வந்து செய்யும் சடங்கு.

மறுபக்கச் சான்றும் இருக்கிறது. எசேக்கியேல் குரு. எரேமியா குருக்கள் குடும்பத்தவர். ஆகாய் கோவிலைத் திரும்பக் கட்டச் சொன்னவர். மலாக்கி பழுதுள்ள விலங்குகளைப் பலியிடுவதைக் கண்டித்தவர். இவர்களில் இருவரைச் சொன்னாலே 'சடங்கா, அறமா' என்ற எளிய எதிர்வு உடைந்துவிடும்.

அரசர்களோடு அவர்களுக்கு இருந்த உறவை எங்கே வைப்பது?

பங்கு பற்றிய பத்தியில். நாபோத்தின் கதை இதற்கு மிகப் பொருத்தம். அரசன் ஆகாப் நல்ல விலையோ மாற்று நிலமோ தருவதாகச் சொல்கிறான். நாபோத் விலையைப் பற்றியே பேசவில்லை. மூதாதையரின் உரிமைச் சொத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். நிலம் கடவுளுடையது, நிரந்தரமாக விற்கக் கூடாது என்ற லேவியர் 25:23இன் எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. அரசி ஈசபேல் பொய்ச்சாட்சிகளை வைத்து அவரைக் கல்லெறிந்து கொல்லச் செய்கிறாள். இறைவாக்கினர் எலியா வந்து, கொலையும் செய்து சொத்தையும் பறித்தாயோ என்று அரசனை நேருக்கு நேர் கேட்கிறார். இங்கே அரசனும் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்பதே சொல்ல வேண்டிய கருத்து.

ஆமோஸிடமும் இது நடக்கிறது. பெத்தேல் குரு அமட்சியா அவரைப் பார்த்து, யூதாவுக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள், இது அரசனின் திருத்தலம் என்கிறான் (7:12–13). பிழைப்புக்காகப் பேசும் தொழில்முறை இறைவாக்கினர் அப்போது இருந்தார்கள் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிகிறது. நான் இறைவாக்கினனும் அல்ல, அவர்கள் குழுவைச் சேர்ந்தவனும் அல்ல என்று ஆமோஸ் பதில் சொல்வது அந்தச் சம்பளக் கூட்டத்தில் தம்மைச் சேர்க்காதே என்பதற்காக. இந்த வசனத்தை அடக்கமான பேச்சு என்று விளக்குபவர்கள் காட்சியின் கூர்மையைத் தவறவிடுகிறார்கள்.

'இருக்கும் சட்டத்தைக் காட்டினார்கள்' என்ற வாதத்துக்கு எதிர்வாதம் உண்டா?

உண்டு, வலுவானதும்கூட. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அறிஞர் யூலியஸ் வெல்ஹவுசன், தோராவின் குருத்துவச் சட்டங்கள் இறைவாக்கினருக்குப் பின்னரே எழுத்துவடிவம் பெற்றன என்று வாதிட்டார். அது சரியென்றால், அந்தச் சட்டங்கள் உள்ள லேவியர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆமோஸ் பேசினார் என்று சொல்ல முடியாது.

இதற்குப் பதில் உங்கள் எடுத்துக்காட்டுத் தேர்விலேயே இருக்கிறது. மேலாடைச் சட்டம் வரும் விடுதலைப் பயணம் 21–23ஆம் அதிகாரங்களைத் தோராவின் பழமையான சட்டத் தொகுதிகளில் ஒன்றாகவே பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே வாதத்தின் பாரத்தை அதன்மேல் வையுங்கள், லேவியரைத் துணைக்கு மட்டும் சொல்லுங்கள். மரபுவழி யூதப் பார்வையில் இந்தச் சிக்கலே எழாது. தோரா மோசேயிடம் தரப்பட்டது, பின்வந்த எந்த இறைவாக்கினரும் அதை மாற்ற முடியாது என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ் தெளிவாக வகுத்திருக்கிறார். இரண்டு பார்வைகளையும் பெயர் சொல்லிப் பிரித்து எழுதுங்கள், கலக்காதீர்கள்.

இன்னொரு எல்லையும் குறிப்பிடத் தக்கது. இறைவாக்கினர் அடிமைமுறையை ஒழிக்கக் கேட்கவில்லை. எரேமியா 34இல், விடுவித்த அடிமைகளை மறுபடி பிடித்துக்கொண்டவர்களை அவர் கண்டிக்கிறார். அங்கும் கேட்பது சட்டம் சொன்ன விடுதலையைத்தான். இதனால் அவர்களைப் 'புரட்சியாளர்' என்று எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

வினாவில் 'யூத சமயத்தில்' என்று இருப்பதால் பிற்காலத்தையும் எழுத வேண்டுமா?

ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். அது இல்லாத கட்டுரை பண்டைய இஸ்ரயேல் வரலாறாகவே முடிந்துவிடுகிறது. கீழே வரும் மூன்று செய்திகளில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஆகாய், செக்கரியா, மலாக்கியோடு இறைவாக்கு முடிந்தது என்பது ரபிகளின் போதனைத் தொகுப்பான தால்முதின் மரபு. அதன்பின் அந்த நூல்களுக்கு விளக்கம் தரும் பொறுப்பு ரபிகளிடம் வந்தது. தொழுகைக்கூடத்தில் ஓய்வுநாள்தோறும் தோரா வாசிப்புக்குப் பின் நெவீமிலிருந்து 'ஹஃப்தாரா' வாசிக்கப்படுகிறது. யோசேப்பைச் சகோதரர்கள் வெள்ளிக்கு விற்கும் பகுதி வரும் வாரத்தில் வாசிப்பது, நீதிமானை வெள்ளிக்கு விற்றார்கள் என்று தொடங்கும் நமது ஆமோஸ் 2:6தான். பாவப்பரிகார நாளான யோம் கிப்பூரின் காலையில், எல்லாரும் நோன்பிருக்கும்போது, பசித்தவனோடு உணவைப் பகிர்வதே நான் விரும்பும் நோன்பு என்ற எசாயா 58 வாசிக்கப்படுகிறது. சடங்கின் நடுவிலேயே சடங்கைப் பற்றிய விமர்சனத்தை வைத்திருக்கிறார்கள்.

45 நிமிடத்தில் இதையெல்லாம் எப்படி அடக்குவது?

ஐந்து நிமிடம் திட்டம், முப்பத்தேழு நிமிடம் எழுத்து, மூன்று நிமிடம் வசன எண்களைச் சரிபார்க்க. ஆறு பத்திகள் போதும். முதலாவதில் 'நாவி' வரையறையும் வாதமும். இரண்டாவதில் எலியா, அமட்சியா வழியாகப் பங்கு. மூன்றாவது மேலாடை, மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக, பத்து நிமிடம்வரை. நான்காவது தராசிலிருந்து தொடங்கிச் சடங்கு விவாதத்துக்குப் போகும். ஐந்தாவது வெல்ஹவுசனும் பதிலும். ஆறாவது ஹஃப்தாரா.

நேரம் போதவில்லை என்றால் தொல்லியலை வெட்டுங்கள், அடுத்து தராசை வெட்டுங்கள். மேலாடையையும் ஐந்தாம் பத்தியையும் தொடாதீர்கள்.

தொடக்கம் இப்படி அமையலாம்: "எபிரேய 'நாவி' என்ற சொல், இன்னொருவருக்காகப் பேசுபவரைக் குறிக்கிறது. இஸ்ரயேலின் இறைவாக்கினர் கடவுளுக்காகப் பேசினார்கள். பேசியது பெரும்பாலும், மக்கள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையை மீறிய அரசர், குருக்கள், செல்வர்மீதான வழக்கு. ஆமோஸ் நூலில் வரும் ஓர் அடகுத் துணியைக் கொண்டு இதை இக்கட்டுரை நிறுவும்."

வசன எண் மறந்துவிட்டால்?

அதிகாரத்தை மட்டும் எழுதுங்கள், அதுவும் நினைவில்லை என்றால் நூலின் பெயரை. தவறான எண்ணைவிட எண் இல்லாதது மேல். மேற்கோளைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கவும் தேவையில்லை. மொழிபெயர்ப்புகள் வேறுபடுவதால், பொருளை உங்கள் நடையில் சுருக்கி எழுதுவதே பாதுகாப்பு. மேற்கோள் குறிக்குள் போட்டால் மட்டும் சொற்கள் சரியாக இருக்க வேண்டும்.